ஜன்னலோர மல்லியும் புதினாவும்

அன்புள்ள கண்ணம்மா,

உன் கடிதமும் அதோடு வந்த இரண்டு படங்களும் கிடைத்தன. புது வேலையில் நல்ல மனிதர்கள் வாய்த்திருக்கிறார்கள் என்று படித்ததும் மனது நிறைந்துவிட்டது. எனக்கு முட்டிவலி இப்போது தேவலை. காலையில் மாடிப்படி ஏறிப்போய்ச் செடிகளுக்கு நானே தண்ணீர் ஊற்றுகிறேன். உன் தாத்தா வாளியைத் தூக்கவிடுவதில்லை, சொம்பில்தான் எடுத்துப் போக வேண்டும் என்று உத்தரவு.

சரி, உன் செடிகளுக்கு வருவோம். "எனக்குச் செடி வளர்க்கும் ராசி இல்லை பாட்டி" என்று எழுதியிருந்தாய். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லையடி. படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். கொத்தமல்லிக்கு இரண்டு கோளாறு, புதினாவுக்கு ஒன்று. மூன்றையும் சரிசெய்துவிடலாம்.

உன் மல்லி நாற்றுகள் எல்லாமே சாய்ந்து கிடக்கின்றன. ஆனால் எல்லாம் ஒரே காரணத்தால் சாயவில்லை. சிலவற்றின் தண்டு நூல் மாதிரி நீண்டு, வெளிறி, ஜன்னல் பக்கமே வளைந்திருக்கிறது. அவை வெளிச்சத்தைத் தேடிப் போனவை. வேறு சில குட்டையாகத்தான் இருக்கின்றன, ஆனால் மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு பழுப்பேறி, இறுகக் கட்டியதுபோல் ஒடுங்கி மடிந்திருக்கின்றன. அது அழுகல். மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். நீ விதைத்தது தேநீர்க் கோப்பையில். அதற்கு அடியில் ஓட்டை கிடையாது, ஊற்றிய தண்ணீர் போக வழியில்லை. அழுகியவை பிழைக்காது. அந்த மண்ணைக் கொட்டிவிட்டு, புதிதாகவே தொடங்கு.

ஒரு ஜாண் அகலம், ஒரு ஜாண் ஆழம் உள்ள தொட்டியாக வாங்கு. ஆழம் முக்கியம், ஏனென்றால் மல்லிக்கு ஆணிவேர். அது நேராகக் கீழே இறங்கப் பார்க்கும். அடி தட்டினால் செடி குன்றிவிடும். கீழே ஓட்டை இருக்க வேண்டும், அதற்கடியில் ஒரு தட்டு. மண்ணுக்குத் தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, மக்கிய உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு கலந்துகொள். தோட்டத்து மண்ணை அள்ளி வராதே. தொட்டிக்குள் அது இறுகிப்போகும், பூச்சியும் கூடவே வரும்.

விதைக்குக் கடையில் சமையலுக்கு விற்கும் முழு மல்லியே போதும். வறுத்ததாக இருக்கக் கூடாது, ரொம்பப் பழசாகவும் இருக்கக் கூடாது. ஒருமுறை ஒரு கடையில் வாங்கிய விதையைப் போட்டுவிட்டு மூன்று வாரம் தினமும் எட்டி எட்டிப் பார்த்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. அதிலிருந்து முதலில் பத்து விதையை ஈரக் காகிதத்தில் மடித்து, ஒரு டப்பாவுக்குள் வைத்துச் சோதித்துவிட்டுத்தான் விதைப்பேன். இரண்டு வாரத்துக்குள் ஆறேழு முளைவிட்டால் நல்ல விதை.

அப்புறம், நீ முழு உருண்டையாகவே போட்டதாக எழுதியிருக்கிறாய். அந்த உருண்டை ஒன்றுக்குள் இரண்டு விதைகள் முதுகோடு முதுகாக இருக்கும். ஒரு துணியில் பரப்பி, சப்பாத்திக் கட்டையால் மேலோட்டமாக உருட்டு. உருண்டை இரண்டு பாதியாகப் பிரிய வேண்டும், நொறுங்கக் கூடாது. நொறுங்கியது சமையலுக்குத்தான். பிரிந்த பாதிகளை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவை. காலையில் வடித்துவிட்டு, முன்பே நனைத்து வைத்த மண்ணில் இரண்டு விரல் இடைவெளியில் தூவி, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மண்ணால் மூடு. இருபது டிகிரி அளவில் வெதுவெதுப்பான அறையென்றால் ஏழிலிருந்து பத்து நாளில் தலைகாட்டும். அறை குளிர்ந்திருந்தால் மூன்று வாரம்கூட ஆகும். அதுவரை கிளறிப் பார்க்காதே.

முதலில் வருவது மல்லி இலை மாதிரியே இருக்காது. நீளமாய், ஒடுக்கமாய், புல்லைப் போல இரண்டு இலை வரும். களை என்று நினைத்துப் பிடுங்கிவிடாதே. அடுத்து வருவதுதான் நமக்குத் தெரிந்த வெட்டு இலை. நெருக்கமாக முளைத்திருந்தால், நலிந்தவற்றைக் கத்தரியால் மண்மட்டத்தில் வெட்டிவிடு. பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும். நாற்றுகளைப் பெயர்த்து வேறு தொட்டியில் நடவும் வேண்டாம். நான் ஒருதடவை நட்டுப் பார்த்தேன், வேர் அடிபட்ட கோபத்தில் ஒரு கைப்பிடி இலைகூடத் தராமல் பூவுக்குப் போய்விட்டன.

தண்ணீருக்கு உன் விரல்தான் அளவு. முதல் கணு வரைக்கும் மண்ணுக்குள் விட்டுப் பார். காய்ந்திருந்தால் அடி ஓட்டையில் வடியும் வரை ஊற்று, அரை மணி கழித்துத் தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடு. ஈரமாக இருந்தால் அன்றைக்கு ஊற்றாதே. "தினமும் ஒரு டம்ளர்" என்று கணக்கு வைத்துக்கொண்டதுதான் கோப்பையில் நடந்த தப்பு. வெயில் குறைந்த நாளில் செடி அவ்வளவு குடிக்காது.

வெளிச்சம்தான் உன் ஊரில் பெரிய பாடு. நீ இருப்பது பூமியின் வடபாதியில் வெகு வடக்கே, ஆகவே சூரியன் தெற்குப் பக்கமாகச் சாய்ந்து போகும். உன் சமையலறை ஜன்னல் வடக்கைப் பார்த்தது என்று எழுதியிருக்கிறாயே, நேர் வெயில் அங்கே பெரும்பாலும் வராது. படுக்கையறையின் தெற்கு ஜன்னலுக்குத் தொட்டியை மாற்று. குளிர்காலத்தில் பகல் சுருங்கும்போது அதுவும் போதாது. அப்போது செடிகளுக்கென்று விற்கும் எல்.இ.டி. விளக்கு ஒன்றை நாற்றுக்கு மேலே ஒரு ஜாண் உயரத்தில் தொங்கவிடு. பகலில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் போதும். அதிகம் எரிந்தால் நல்லது என்று இரவெல்லாம் விட்டுவைக்காதே. பகல் நீண்டுவிட்டது என்று நினைத்து மல்லி பூக்கத் தயாராகிவிடும்.

இதை நீ நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். மல்லி கொஞ்ச காலம் வாழ்கிற செடி. பகல் நீண்டு, சூடும் ஏறினால் நடுவிலிருந்து ஒரு தண்டு விறுவிறுவென்று எழும், புது இலைகள் இறகு போல மெலிந்து வரும். அதற்கப்புறம் எவ்வளவு கிள்ளினாலும் பழைய இலை திரும்பாது. வருத்தப்படாதே, அது நீ செய்த பிழை இல்லை. அதனால்தான் ஒரே தொட்டியை நம்பக் கூடாது என்கிறேன். மூன்று தொட்டி வைத்துக்கொள். முதல் தொட்டியை இந்த வாரம் விதை, இரண்டாவதை மூன்று வாரம் கழித்து, மூன்றாவதை இன்னும் மூன்று வாரம் கழித்து. முதல் தொட்டியில் ஏறக்குறைய ஆறாவது வாரம் செடி ஒரு ஜாண் வரும், பறிக்கத் தொடங்கலாம். ஓரத்துத் தண்டுகளை மட்டும் எடுத்து, நடுக்குருத்தை விட்டுவிடு. ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதே. பத்தாவது வாரத்துக்குள் அது ஓய்ந்துவிடும். அதற்குள் இரண்டாவது தொட்டி தயார். ஓய்ந்ததைக் கொட்டி, கொஞ்சம் புது உரம் கலந்து, மறுபடி விதை. இப்படிச் சுற்றிக்கொண்டே இருந்தால் கையில் எப்போதும் கொஞ்சம் இருக்கும்.

புதினாவின் குணம் இதற்கு நேர் எதிர். அது வருடக்கணக்காக இருக்கும், வெட்ட வெட்டத் தழைக்கும். உன் படத்தில் புதினா இலைமேல் ஊசி குத்தியது போல வெளிறிய புள்ளிகள் தெரிகின்றன. இலையைத் திருப்பிப் பார். அடியில் மெல்லிய நூலாம்படையும், நகர்கிற பொடிப் புள்ளிகளும் இருந்தால் அது செஞ்சிலந்திப் பேன். ஜன்னலுக்குக் கீழே அறையைச் சூடாக்கும் கருவி இருப்பதாக முன்பு சொன்னாய். அந்த வறண்ட சூடுதான் அதற்குக் கொண்டாட்டம். தொட்டியை அங்கிருந்து எடு. எல்லாத் தண்டுகளையும் மண்ணுக்கு மேல் இரண்டு விரல் உயரம் விட்டு வெட்டி, வெட்டியதைக் குப்பையில் போட்டுக் கட்டிவிடு. வேர் உயிரோடு இருந்தால் அடியிலிருந்து புதிதாகத் துளிர்க்கும். துளிர்களின் அடிப்பக்கத்தைக் குழாய் நீரில் மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவு. முட்டைகள் பொரிந்துகொண்டே இருக்கும், ஆகையால் ஒரு தடவை கழுவிவிட்டு நிறுத்தாதே, மூன்று வாரம் தொடர்ந்து செய்.

அது துளிர்க்காமல் போனாலும் பயமில்லை. கடையில் ஒரு கட்டுப் புதினா வாங்கு. வாடாத நாலு தண்டை எடுத்து, ஒவ்வொன்றையும் அரை ஜாண் நீளத்தில், ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டு. கீழ் இலைகளை உருவிவிட்டு, கணு மட்டும் முங்கும்படி தண்ணீரில் நிறுத்து. இலை தண்ணீரில் பட்டால் அழுகும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்று. ஒன்றரை வாரத்துக்குள் கணுவிலிருந்து வெள்ளை வேர் இறங்கும். வேர் ஒரு விரல் நீளம் வந்ததும் மண்ணில் நட்டுவிடு. ரொம்ப நாள் தண்ணீரிலேயே விட்டால் மண்ணுக்குப் பழக நேரமெடுக்கும்.

புதினாவுக்கு ஆழத்தைவிட அகலம் வேண்டும், அது பக்கவாட்டில் ஓடி ஓடிப் பரவும். மல்லியோடு ஒரே தொட்டியில் மட்டும் வைத்துவிடாதே, மல்லியை நெருக்கிக் கொன்றுவிடும். செடி நாலைந்து கணு வளர்ந்ததும் நுனியைக் கிள்ளு. கிள்ளிய இடத்துக்குக் கீழே உள்ள இரண்டு இலைக் கக்கத்திலிருந்தும் கிளை வரும், ஒரு தண்டு இரண்டாகும். இலையாக உருவி எடுக்காமல், இப்படிக் கணுவுக்கு மேலே தண்டோடு வெட்டி எடுப்பதுதான் சரி. பாதி நாள் வெயில் இருந்தாலே அதற்குப் போதும், அதனால் தெற்கு ஜன்னலில் இடம் குறைந்தால் மல்லிக்கு முதலிடம் கொடு.

இன்னும் ஒன்று. குளிர் இரவுகளில் இலை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டாதபடி தொட்டியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வை. ஒட்டிய இலை கருகிவிடும்.

இன்று ராத்திரி மல்லியைப் பிரித்து ஊறவைத்துவிடு. அந்தப் புல் மாதிரி இரண்டு இலை வந்ததும் படம் எடுத்து அனுப்பு, தாத்தாவும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். புதினா இலையின் அடிப்பக்கத்தையும் கிட்டத்தில் வைத்து ஒரு படம்.

அன்புடன்,
பாட்டி