இலவசமாக இருக்கும்போது எதற்குப் பணம்? என் மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். திரையைப் பெரிதாக்கிக் காட்டி, அதில் இருப்பதைக் குரலில் வாசிக்கவும் செய்யும் ஃப்யூஷன் மென்பொருளின் உரிமத்துக்கு நீங்கள் வாய்மொழியாகச் சரி சொல்லிவிட்டீர்கள். இப்போது கோரிக்கை ஃபைனான்ஸில் நிற்கிறது. அங்கிருந்து வந்த கேள்வி ஒன்றுதான்: "விண்டோஸிலேயே மேக்னிஃபையர் இருக்கிறது, திரைவாசிப்பான் வேண்டுமென்றால் என்விடிஏ இலவசம், பிறகு எதற்குப் பணம்?" கேட்க வேண்டிய கேள்விதான். உங்களுக்கு மட்டும் மெயிலில் பதில் சொல்லாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பெங்களூரில் எந்த ஐடி அலுவலகத்தில் குறைபார்வை உள்ள ஒருவர் இதைக் கேட்டாலும் முதலில் வந்து நிற்பது இந்தக் கேள்விதான்.

என் கண்ணில் இருப்பது ஸ்டார்கார்ட் நோய். விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகும், ஓரப்பார்வை மிஞ்சும். நேராகப் பார்க்கிற எழுத்து மங்கிப் போகும். கண்ணைக் கொஞ்சம் விலக்கி ஓரமாகப் பார்த்தால், எழுத்து போதிய அளவு பெரிதாக இருந்தால், படித்துவிடுவேன். கண்ணாடி போட்டுச் சரியாகிற விஷயம் இல்லை. காலையில் மூன்று மடங்கு பெரிதாக்கினால் போதும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து மடங்கு வேண்டும். அதற்கும் மேல் கண் களைத்துவிட்டால் காதால்தான் வேலை செய்ய முடியும்.

ஐந்து மடங்கு என்றால் என்ன என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். நம் மானிட்டர் 1920-க்கு 1080 பிக்சல். ஐந்து மடங்கு பெரிதாக்கினால் ஒரு நேரத்தில் என் கண்ணுக்குக் கிடைப்பது 384-க்கு 216 பிக்சல், அதாவது திரையின் 25-இல் ஒரு பங்கு. எடிட்டரில் ஓர் எழுத்தின் அகலம் சுமார் 9 பிக்சல் என்று வைத்துக்கொண்டால், ஒரு வரியில் 42 எழுத்துகள்தான் தெரியும். நம் சர்வர் லாகில் 200 எழுத்துகளுக்குக் குறையாத வரிகள் சர்வ சாதாரணம். நீங்கள் ஒரு பார்வையில் தாண்டிப்போகும் வரியை நான் ஐந்து முறை இழுத்துப் படித்துவிட்டு, அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடி மறுபடி இடது ஓரத்துக்குப் போக வேண்டும். ஸ்டாக் டிரேஸ் என்றால் அப்படி எத்தனை வரி என்று உங்களுக்கே தெரியும்.

வேகம் மட்டும் பிரச்சினை இல்லை, பிழையும் இப்படித்தான் நுழைகிறது. இதைப் பாருங்கள்:

```python
for row in rows:
    if row.failed:
        retry(row)
    save(row)
```

கடைசி வரி நான்கு இடைவெளி தள்ளி உள்ளே போய்விட்டால், தோற்றுப்போன வரிசைகள் மட்டும்தான் சேமிக்கப்படும். பைத்தான் புகார் எதுவும் சொல்லாது, நிரல் ஓடும். நீளமான வரிகளில் வேலை செய்யும்போது என் சாளரம் வலப்பக்கம் நகர்ந்திருக்கும், இடது விளிம்பு பார்வையிலேயே இருக்காது. திரைவாசிப்பானோ, அதற்கான அமைப்பை இயக்கி வைத்தால், இடைவெளி மாறும்போது எத்தனை தள்ளியிருக்கிறது என்று சொல்லிவிடும். கண்ணுக்குத் தப்புவதைக் காது பிடித்துவிடும்.

அப்படியானால் திரைவாசிப்பான் மட்டும் போதாதா? போதாது. டாஷ்போர்டில் ஒரு வரைபடம் சட்டென்று ஏறுவதையும், வடிவமைப்பாளர் அனுப்பும் படத்தில் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதையும் குரல் சொல்லாது. மீட்டிங்கில் திரையைப் பகிர்ந்து "இங்கே பாருங்கள்" என்று ஒருவர் சொல்லும்போது எனக்கு வருவது வெறும் படம், வாசிக்க அதில் எழுத்து இல்லை. எனக்கு மிச்சமிருக்கும் பார்வையை நான் வீணாக்க விரும்பவில்லை.

இனி ஃபைனான்ஸ் கேட்டதற்கு வருகிறேன். என்விடிஏ நல்ல மென்பொருள். 2006-இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் தொடங்கியது, ஓப்பன் சோர்ஸ். முழுக்கக் காதால் வேலை செய்யும் நிரலாளர்கள் பலர் அதில்தான் இருக்கிறார்கள். எனக்குச் சிக்கல், அதையும் விண்டோஸ் மேக்னிஃபையரையும் ஒன்றாக ஓட்டும்போது வருகிறது. மேக்னிஃபையர் பின்தொடர்வது மவுஸை, கீபோர்டு ஃபோகஸை, எழுதும் கர்சரை. பிரவுசரில் என்விடிஏ வாசிப்பது தனக்கென வைத்திருக்கும் ஒரு மெய்நிகர் கர்சரைக் கொண்டு. அது பத்தி பத்தியாக இறங்கும்போது ஃபோகஸ் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் குரல் ஆவணத்தின் நான்காம் பத்தியில் இருக்கும், பெரிதாக்கிய படம் தலைப்பிலேயே நிற்கும். காதில் விழும் சொல்லைக் கண்ணால் சரிபார்க்க மவுஸை எடுத்துக்கொண்டு தேடிப் போக வேண்டும்.

ஃப்யூஷன் என்பது ஜாஸ் திரைவாசிப்பானும் ஜூம்டெக்ஸ்ட் பெரிதாக்கியும் சேர்ந்த ஒரே தொகுப்பு. குரல் போகும் இடத்துக்குப் படமும் போகும், வாசிக்கும் சொல் திரையில் எடுப்பாகத் தெரியும். நான் கேட்பது இந்தப் பிணைப்புக்காகத்தான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஹோம் பதிப்பு விலை குறைவாகத் தெரியும். அது சொந்த உபயோகத்துக்கு மட்டும், அலுவலக வேலைக்கு அதன் உரிமம் இடம் தராது. நமக்கு வேண்டியது ப்ரொஃபெஷனல். ஒரு முறை வாங்கிவிட்டு அப்படியே விட்டுவிடவும் கூடாது. பிரவுசரும் எடிட்டரும் மாதத்துக்கு மாதம் மாறும்போது திரைவாசிப்பானும் கூடவே மாற வேண்டும், இல்லையென்றால் ஒரு நாள் காலையில் பொத்தான்களின் பெயர் கேட்காமல் போகும். ஆகவே ஆண்டுச் சந்தா, அல்லது புதுப்பிப்பு ஒப்பந்தத்தோடு கூடிய உரிமம் என்று கேளுங்கள். ஐடி அணியினர் லேப்டாப்பை ஃபார்மேட் செய்யும் முன் அதிலிருந்து உரிமத்தை விடுவிக்க வேண்டும் என்பதையும் டிக்கெட்டில் எழுதி வைக்க வேண்டும்.

"அதுவரை டெமோவில் ஓட்டலாமே" என்று ஒருவர் சொன்னார். உரிமம் இல்லாத ஜாஸ் 40 நிமிடம் ஓடும், பிறகு கணினியையே ரீஸ்டார்ட் செய்தால்தான் மறுபடி பேசும். விபிஎன், ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்ட், திறந்திருக்கும் டீபக்கர் எல்லாம் ஒவ்வொரு முறையும் போகும். பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு அது சரி, வேலைக்கு ஆகாது.

இந்த உரிமம் தீர்க்காத ஒன்றும் உண்டு. வாடிக்கையாளரின் ரிமோட் டெஸ்க்டாப் என் கணினிக்கு வெறும் படமாகத்தான் வருகிறது. பெரிதாக்கி அங்கே உதவும், ஆனால் குரல் வர வேண்டுமென்றால் அந்தப் பக்கமும் ஜாஸ் நிறுவியிருக்க வேண்டும், அதற்கு அவர்கள் அனுமதி தேவை. விலைப்புள்ளி கேட்கும்போதே ரிமோட் அணுகல் வசதி உரிமத்தில் சேர்ந்திருக்கிறதா என்று டீலரிடம் கேளுங்கள். அனுமதிக் கடிதத்தை நீங்கள்தான் வாடிக்கையாளருக்கு எழுத வேண்டும். வரைவு நான் தருகிறேன்.

சட்டத்தைக் காட்டி வாங்க வேண்டிய உறவு நமக்குள் இல்லை. ஆனால் ஃபைனான்ஸுக்கு ஓர் ஆதாரம் வேண்டும் என்றால் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 21-ஆம் பிரிவு, ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை அறிவிக்க வேண்டும் என்கிறது. 2017-இன் விதிகளின்படி, 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனத்தின் கொள்கையில் உதவிக் கருவிகளுக்கான ஏற்பாடும் இடம்பெற வேண்டும். என் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யூடிஐடியின் நகல் ஏற்கெனவே ஹெச்ஆரிடம் இருக்கிறது.

வியாழக்கிழமை மீட்டிங் முடிந்ததும் அரை மணி நேரம் கொடுங்கள், ஃபைனான்ஸில் ஒருவரையும் அழைத்து வாருங்கள். அந்த 40 நிமிட டெமோவிலேயே, ஒரே லாக் கோப்பை இலவசக் கருவிகளிலும் ஃப்யூஷனிலும் படித்துக் காட்டுகிறேன். ஒரே ஒரு ப்ரொஃபெஷனல் உரிமம், என் பெயரில், இந்தக் காலாண்டு பட்ஜெட் மூடுவதற்குள் வேண்டும்.

நன்றியுடன்,
உங்கள் அணியின் பொறியாளர்,
பெங்களூரு