ஜெர்மனியில் படிக்கும் சீனியர்களுக்கு: ‘மெயில் போதும்’ என்று சொல்லாதீர்கள்

அன்புள்ள அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்,

ஜெர்மனிக்குப் படிக்க வருகிற தம்பி தங்கைகளுக்கு வீடு தேடித் தருவது, வங்கிக் கணக்கு திறக்க உடன் வருவது என்று நீங்கள் செய்யும் உதவி கொஞ்சமல்ல. நானும் அப்படி உதவி பெற்றுத்தான் இங்கே காலூன்றினேன். ஆனால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் வருஷா வருஷம் கேட்கப்படும் ஒரு கேள்விக்கு நாம் சொல்லும் பதில் தவறாக இருக்கிறது. அந்தப் பதிலை நம்பி நான் இரண்டு மாதம் ஊரில் மாட்டிக்கொண்டேன். அதனால் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கேள்வி இதுதான். “ரெசிடென்ஸ் பெர்மிட் புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டேன், கார்டு இன்னும் வரவில்லை. ஊருக்குப் போய்விட்டு வரலாமா?” உடனே யாராவது ஒருவர், “விண்ணப்பம் கிடைத்தது என்று மெயில் வந்ததா? அதைப் பிரிண்ட் எடுத்துக்கொள், போதும்” என்பார். எனக்கும் அதையேதான் சொன்னார்கள்.

என் பெர்மிட் மார்ச் 14-ஆம் தேதி வரை. ஜனவரி கடைசியிலேயே ஆன்லைனில் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டேன். தானாக ஒரு மெயில் வந்தது. மார்ச் 1-ஆம் தேதி ஊரில் பாட்டி தவறிப்போனார். 3-ஆம் தேதி விமானம் ஏறினேன், 10-ஆம் தேதி திரும்ப டிக்கெட். அதன்படியே திரும்பியிருந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. பெர்மிட் கையில் உயிரோடு இருந்திருக்கும். ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடியாமல் எப்படிக் கிளம்புவது என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கும் இருக்கத்தான் மனசு. குழுவில் கேட்டேன், மெயில் போதும் என்றார்கள். டிக்கெட்டை 18-ஆம் தேதிக்கு மாற்றினேன்.

18-ஆம் தேதி இரவு சென்னை விமான நிலையத்தில் கவுன்ட்டரைத் தாண்டவில்லை. பெர்மிட் காலாவதியாகி நான்கு நாள். மெயிலைக் காட்டினேன். அங்கிருந்த பெண் பொறுமையாகவே வாசித்தார், மேலாளரையும் கூப்பிட்டார். இருவரும் முடியாது என்றார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. சரியான ஆவணம் இல்லாத பயணியை ஏற்றி வந்தால், அவரைத் திருப்பிக் கொண்டுபோகும் பொறுப்பு ஜெர்மன் சட்டப்படி விமான நிறுவனத்தின் தலையில்தான் விழும்.

நாம் எங்கே தவறுகிறோம் என்றால், இரண்டு விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு, 4-ஆம் உட்பிரிவின்படி, பெர்மிட் காலாவதியாகும் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய பெர்மிட் தொடர்வதாகவே கருதப்படும். படிக்கலாம், முன்பு அனுமதித்த அளவுக்கு வேலையும் பார்க்கலாம். ஆகவே ‘நீ சட்டப்படிதான் இருக்கிறாய்’ என்று நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்த உரிமை இருக்கிறது என்று சென்னை கவுன்ட்டரில் எதை வைத்துக் காட்டுவது? தானியங்கி மெயில் வெறும் ரசீது. விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை.

காட்டவேண்டியது ஃபிக்சியோன்ஸ்பெஷைனிகுங் என்ற தாள். பெயரைக் கேட்டதும் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதால்தானோ என்னவோ யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. வெளிநாட்டவர் அலுவலகம் தரும் தற்காலிகச் சான்று அது. அதே 81-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவு, விண்ணப்பித்தவருக்கு அந்தச் சான்றைத் தரவேண்டும் என்றே சொல்கிறது. அதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. கட்டணமும் 13 யூரோதான்.

தாள் கைக்கு வந்ததும் அதில் ஒரு இடத்தைப் பார்க்க வேண்டும். மூன்று கட்டங்கள் இருக்கும், ஒன்றில் குறி போட்டிருப்பார்கள். மூன்றாவது கட்டம், அதாவது 81-ஆம் பிரிவு 4-ஆம் உட்பிரிவு என்று எண் போட்டிருக்கும் வரி, குறிக்கப்பட்டிருந்தால்தான் வெளியே போய்விட்டு இந்தத் தாளோடு திரும்பி வரமுடியும். முதல் இரண்டும் 3-ஆம் உட்பிரிவைச் சேர்ந்தவை. அவை ஜெர்மனிக்குள் இருக்க உதவும், மீண்டும் நுழைய உதவாது. நம்மைப்போல் மாணவர் விசாவில் வந்து, நாள் தவறாமல் விண்ணப்பித்தவருக்கு மூன்றாவது கட்டம்தான் வரவேண்டும். வேறு கட்டத்தில் குறி இருந்தால் அங்கேயே, அந்த மேசையிலேயே கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பைக்குள் வைத்துவிட்டால், மறுபடி அப்பாயின்ட்மென்ட் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம்.

தாளை மட்டும் கொண்டுபோனாலும் போதாது. காலாவதியான பழைய பெர்மிட் கார்டும் பாஸ்போர்ட்டும் கூடவே இருக்கவேண்டும். தாளிலும் ஒரு கடைசித் தேதி உண்டு, அதற்குள் திரும்பிவிட வேண்டும். டிக்கெட்டை நேராக ஜெர்மன் விமான நிலையம் ஒன்றில் இறங்கும்படி எடுப்பது நல்லது. பாரிஸிலோ ஆம்ஸ்டர்டாமிலோ இறங்கி மாறினால், குடியேற்றச் சோதனை அங்கேயே நடக்கும். இந்த ஜெர்மன் தாளை அன்றாடம் பார்த்துப் பழகியவர் அந்தக் கவுன்ட்டரில் இருப்பார் என்று சொல்லமுடியாது.

மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘ஊரிலிருந்தே சரிசெய்துகொள்ளலாம்’ என்றும் சிலர் சொல்கிறார்கள். என் அறைத்தோழன் அதிகாரக் கடிதத்தோடு அலுவலகம் போனான். சான்றை நேரில் வந்துதான் வாங்கவேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் சென்னையில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகம் வழியாக மறுபடி நுழைவதற்கான விசா கேட்டேன். அதற்கு ஜெர்மனியில் உள்ள அதே அலுவலகம் சம்மதம் சொல்லவேண்டும். எந்த அலுவலகத்தின் தாமதத்தால் மாட்டினேனோ, அதே அலுவலகத்தின் பதிலுக்காகத்தான் மறுபடியும் காத்திருந்தேன். மே நடுவில் திரும்பி வந்தேன். ஏப்ரலில் தொடங்கிய லேப் வகுப்பில் கட்டாய வருகை என்பதால் ஒரு வருஷம் தள்ளிப்போனது. பகுதிநேர வேலையும் போயிற்று. பாட்டியின் காரியத்துக்கு இருந்ததற்காக நான் வருந்தவில்லை. கிளம்பும் முன் 13 யூரோ தாள் ஒன்றைக் கேட்டு வாங்காமல் போனேனே என்றுதான் வருத்தம்.

ஆகவே அடுத்த முறை யாராவது குழுவில் கேட்டால், முதலில் அவர்களிடம் திரும்பக் கேளுங்கள்: பெர்மிட் எந்தத் தேதி வரை, திரும்பும் டிக்கெட் எந்தத் தேதி? தேதிக்கு முன்பே திரும்பினால் நிம்மதியாகப் போய்வரச் சொல்லுங்கள். தாண்டினால், அல்லது தாண்ட வாய்ப்பிருந்தால், மூன்றாவது கட்டம் குறித்த தாள் கைக்கு வரும்வரை டிக்கெட் போடவேண்டாம் என்று சொல்லுங்கள். சாவு, நோய் என்று அவசரமாகக் கிளம்புகிறவர்களுக்கு இன்னும் கவனமாகச் சொல்லுங்கள், தேதி தள்ளிப்போவது அவர்களுக்குத்தான். புதுப்பிக்க விண்ணப்பிக்கும் அன்றே, அதே விண்ணப்பத்தில், எனக்கு ஃபிக்சியோன்ஸ்பெஷைனிகுங் வேண்டும் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பயணம் முன்பே தெரிந்தால் தேதியையும் காரணத்தையும் சேர்க்கட்டும்.

குழுவின் மேலே நிரந்தரமாகக் குத்திவைத்திருக்கும் பதிவில் ‘மெயில் பிரிண்ட் போதும்’ என்ற வரி இன்னும் இருக்கிறது. அடுத்த செமஸ்டர் மாணவர்கள் வந்து இறங்குவதற்குள் அதை எடுத்துவிடுங்கள். மாற்றாக என்ன எழுதவேண்டும் என்று கேட்டால் நானே எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் குழுவில் கேள்வி கேட்டுப் போன ஒரு தம்பி