இரண்டு சேனலையும் கலக்காமல் அனுப்புங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கால் சென்டர் பதிவுகளை எழுத்தாக்கக் கொடுக்கும் எல்லாரிடமும் நாங்கள் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். உங்கள் பதிவில் ஏஜெண்ட் ஒரு சேனலிலும் அழைத்தவர் இன்னொரு சேனலிலும் இருந்தால், அதை அப்படியே அனுப்புங்கள். கோப்பின் அளவைக் குறைக்கலாமே என்று இரண்டையும் ஒரே சேனலாகக் கலந்து மோனோவாக்கிவிட வேண்டாம்.

ஏன் என்பதற்கு ஓர் அழைப்பை எடுத்துக்கொள்வோம். மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் கார் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கப் பேசுகிறார். 41-வது விநாடியில் ஏஜெண்ட், "இதுகூட ரோட்டோர உதவியையும் சேத்திரட்டுமா சார், ஐநூறு ரூபாதான் கூடும்" என்று தொடங்கி 45-ல் முடிக்கிறார். அழைத்தவர் 43-லேயே குறுக்கிட்டு "அது வேண்டாம்" என்கிறார். ஏஜெண்ட் தன் பேச்சை முடித்துவிட்டு "சரி சார்" என்கிறார். மோனோவில் அந்த "வேண்டாம்" ஏஜெண்டின் குரலுக்கு அடியில் அமுங்கிப் போகும். எழுத்தில் ஒரு கேள்வியும் ஒரு "சரி"யும் மட்டும் மிஞ்சும். அந்தச் "சரி" அழைத்தவர் சொன்னது என்றே படிப்பவர் நினைப்பார். இரண்டு சேனலும் தனித்தனியாக இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. ஒவ்வொன்றையும் தனியாக எழுத்தாக்கி, தொடங்கிய நேரத்தை வைத்து வரிசைப்படுத்தினால் "வேண்டாம்" 43-வது விநாடியில் தெளிவாக நிற்கும்.

ஆனால் தனிச் சேனல் என்பதால் அதில் ஒரே குரல்தான் இருக்கும் என்று நம்பிவிடவும் முடியாது. அழைத்தவர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினால் ஏஜெண்டின் குரல் அவருடைய மைக் வழியாகத் திரும்பி வரும். அப்போது "சேத்திரட்டுமா சார்" என்பது அழைத்தவர் சேனலிலும் மெல்லியதாக, சற்றுத் தாமதித்துக் கேட்கும். மென்பொருள் அதையும் எழுதிவிடும். கேள்வி கேட்டதே அழைத்தவர்தான் என்று ஆகிவிடும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு அடையாளங்கள் உண்டு. எதிரொலி அசல் குரலைவிடச் சத்தம் குறைந்தது. அதன் தாமதம், பெரும்பாலும் அரை விநாடிக்கும் குறைவு, அந்த அழைப்பில் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். ஏஜெண்ட் சொன்ன எண்ணை அழைத்தவரே திருப்பிச் சொல்வது வேறு: அது ஏஜெண்ட் முடித்த பிறகு, அவருடைய சொந்தச் சத்தத்தில் வரும். சொற்கள் ஒத்துப்போகின்றன என்பதை மட்டும் பார்த்து நீக்கினால் இந்த உறுதிப்படுத்தலும் சேர்ந்து போய்விடும். அதுபோல, நம் "வேண்டாம்" எதிரொலிக்கு மேலேதான் விழுகிறது. அதனால் சந்தேகமான பகுதியை நாங்கள் அழிப்பதில்லை. குறியிட்டு, ஆள் வைத்துக் கேட்கிறோம்.

இன்னொன்று, ஒரு சேனலில் ஒருவர் பேசும்போது மற்றது வெறும் அமைதி. அமைதியைக் கொடுத்தால் சில மென்பொருள்கள் யாரும் சொல்லாத வாக்கியத்தை எழுதும். ஆகவே பேச்சுள்ள இடங்களை மட்டும் பிரித்தெடுக்கிறோம், பழைய நேரக் கணக்கை விடாமல்.

அப்புறம் ஒலியின் தரம். சாதாரணத் தொலைபேசி ஒலி ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான். விநாடிக்கு 8000 மாதிரிகள் எடுப்பதால் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் பதிய முடியாது. "எஸ்"ஸையும் "எஃப்"பையும் பிரித்துக் காட்டும் சீறல் ஒலியில் பெரும்பங்கு அதற்கு மேல்தான் இருக்கிறது. கார் எண்ணில் டிஎன் 75-க்குப் பிறகு வரும் எழுத்து எது என்பது காதுக்கே சிக்கல். கோப்பை 16000-க்கு மாற்றினால் அந்த ஒலி திரும்ப வராது. 16000 கேட்கும் மென்பொருளுக்குள் நுழைய மட்டுமே அது உதவும். தொலைபேசி ஒலியில் பழக்கிய மென்பொருள்தான் இங்கே சரி. எழுத்தைச் சொல்லும்போது "எஃப் ஃபார் ஃபாதரா சார்?" என்று ஏஜெண்ட் கேட்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. இதைப் பயிற்சியிலேயே சேர்த்துவிடுங்கள் என்று உரிமையோடு சொல்கிறோம்.

அனுப்பும் முன் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
ffprobe -hide_banner call.wav
```

`pcm_alaw, 8000 Hz, 2 channels` என்று வந்தால் நல்லது. `stereo` என்று வந்தாலும் சரி. ஆனால் கலந்த ஒலியையே இரண்டு பக்கமும் நகலெடுத்த கோப்பும் இப்படித்தான் காட்டும். ஹெட்போனில் ஒரு காதை மட்டும் வைத்துக் கேளுங்கள். இரண்டு குரலும் ஒரே அளவில் கேட்டால் அது கலந்த கோப்பு. ரெக்கார்டர் அமைப்பைப் பார்ப்பவரிடம் தனிச் சேனலாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். எம்பி3 ஆக்கவும் வேண்டாம். எந்தப் பக்கம் ஏஜெண்ட் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். உள்ளே வரும் அழைப்புக்கும் நீங்கள் கூப்பிடும் அழைப்புக்கும் பக்கம் மாறுமானால் அதையும் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
எழுத்தாக்கப் பிரிவு, நாகர்கோவில்