இருபத்து நான்கு பே ஸ்லிப்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தம்பியை சிங்கப்பூருக்கு அனுப்ப ஏஜென்ட் நான்கு லட்சம் கேட்கிறான், கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். சட்டென்று ஆமாம், இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்த கையோடு என் கணக்கை உட்கார்ந்து பார்த்தேன். அதையே உனக்கு எழுதுகிறேன், தம்பிக்கும் படித்துக் காட்டு.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டிலில் இருபத்து நான்கு பே ஸ்லிப்பையும் வரிசையாகப் பரப்பினேன். பக்கத்தில் என் ஓ.டி. நோட்டு. அதில் தினமும் வேலையில் இறங்கிய நேரம், முடித்து ஏறிய நேரம் எழுதி வைத்திருந்தேன். முதல் ஐந்து ஸ்லிப்பில் ஓ.டி. மணி எத்தனை என்றே போடவில்லை, வெறும் தொகைதான். அந்த நோட்டு இல்லாவிட்டால் அந்த ஐந்து மாதமும் எனக்கு இருட்டுதான்.

முதலில் ஊரில் கொடுத்ததைக் கூட்டினேன். ஏஜென்ட், டெஸ்ட் சென்டர், மெடிக்கல், டிக்கெட் எல்லாம் சேர்ந்து 3,50,000 ரூபாய். வெள்ளி என்று நாங்கள் சொல்லும் சிங்கப்பூர் டாலருக்கு 62 ரூபாய் என்று வைத்தால் சுமார் 5,645 வெள்ளி. இருபத்து நான்கு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 235. அதற்குமேல் இரண்டரை லட்சம் இரண்டு வட்டிக்கு வாங்கியது உனக்குத் தெரியும். மாதம் 5,000 ரூபாய், அதாவது 80 வெள்ளி, கடன் அடையும்வரை வட்டிக்கே போனது.

இனி ஒரு மாத ஸ்லிப். பேசிக் 520 (நாளுக்கு 20 வெள்ளி, 26 நாள்). அலவன்ஸ் 280. ஓ.டி. 60 மணிக்கு 245.40. மொத்தம் 1,045.40. அதில் சாப்பாட்டுக்கு 150, 'சேவிங்ஸ்' 50 பிடித்து, கையில் 845.40. ஏஜென்ட் காசையும் வட்டியையும் கழித்தால் 530 வெள்ளிதான் மிச்சம். மாதம் ஆயிரத்துக்கு மேல் சம்பளம் என்று வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன் செல்வம்.

எனக்கு முதலில் கண்ணை உறுத்தியது அந்த சேவிங்ஸ் 50தான். வேலை முடிந்து போகும்போது தருவோம் என்றார்கள். ஆனால் உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. பதினேழாவது மாதம் காய்ச்சலில் இரண்டு நாள் எம்.சி. எடுத்தேன். அந்த ஸ்லிப்பில் அலவன்ஸ் 280 இல்லை, 140 என்று இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, அது லீவு போடாமல் வருகிறவர்களுக்கான அலவன்ஸ் என்றார்கள். அப்போதுதான் பெட்டியின் அடியில் கிடந்த ஐ.பி.ஏ. கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். நான் இங்கே வருவதற்கு முன்பு இந்த நாட்டு மனிதவள அமைச்சு கொடுத்த அனுமதிக் கடிதம், தமிழிலும் ஒரு பிரதி உண்டு. அதில் என் அடிப்படைச் சம்பளம் 800 என்று இருந்தது. அலவன்ஸ் என்ற வரியில் ஒன்றுமே இல்லை.

800ஐ 520, 280 என்று பிரித்துவிட்டார்கள். கூட்டினால் அதே 800தான் வருகிறது, அதனால் பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆனால் ஓ.டி.யை பேசிக்கை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். மாத பேசிக்கைப் பன்னிரண்டால் பெருக்கி, 2,288ஆல் வகுத்தால் (52 வாரம், வாரத்துக்கு 44 மணி) ஒரு மணி நேரக் கூலி. ஓ.டி.க்கு அதில் ஒன்றரை மடங்கு. 520க்கு மணிக்கு 4.09 வருகிறது. 800க்கு 6.29. மணிக்கு 2.20 வெள்ளி வித்தியாசம். மாதம் சராசரி 60 மணி ஓ.டி. செய்திருக்கிறேன். மாதம் 132 வெள்ளி, இரண்டு வருடத்தில் 3,168. பிடித்தம் என்ற தலைப்பின் கீழ் எந்த ஸ்லிப்பிலும் இது இல்லை. அதனால்தான் இவ்வளவு நாள் தெரியவில்லை. சேவிங்ஸ் போனது 1,200. அதைவிட இரண்டரை மடங்குக்கு மேல் இந்த இடத்தில் போயிருக்கிறது.

வேலை பர்மிட் புதுப்பிக்க கம்பெனி 1,000 வெள்ளி கேட்டபோதுதான் நான் துணிந்தேன். வேலை கொடுப்பதற்காகத் தொழிலாளியிடம் காசு வாங்குவது இங்கே குற்றம். சம்பளத் தகராறுகளைப் பேசித் தீர்த்துவைக்கும் டி.ஏ.டி.எம். என்ற அலுவலகத்தில் புகார் பதிந்தேன். அங்கே ஒரு விஷயம் தெரிந்து எனக்கு வயிறு எரிந்தது. வேலையில் இருக்கும்போது கேட்டால் கடைசி பன்னிரண்டு மாத பாக்கியைத்தான் கேட்க முடியும். வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள் பதிய வேண்டும். முதல் வருடத்துப் பணத்தை நான் சும்மா இருந்தே தொலைத்துவிட்டேன்.

சமரசப் பேச்சில் கம்பெனிக்காரர் ஒரு தாளை நீட்டினார். பேசிக் 520க்குச் சம்மதம் என்று, கீழே என் கையெழுத்து. வந்த முதல் வாரம் நாங்கள் தங்கும் விடுதியில் வைத்து அடுக்கடுக்காகக் கையெழுத்து வாங்கியதில் ஒன்று, முழுக்க ஆங்கிலம். எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. ஆனால் அங்கிருந்த அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: சம்பளத்தைக் குறைத்ததை அமைச்சுக்குத் தெரிவித்தீர்களா? தெரிவிக்கவில்லை. ஐ.பி.ஏ.யில் சொன்ன சம்பளத்தைக் குறைக்க வேண்டுமானால் தொழிலாளியின் எழுத்துச் சம்மதமும் வேண்டும், அமைச்சுக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கடைசியில் ஓ.டி. வித்தியாசத்துக்கு 1,500 கொடுத்தார்கள். கணக்குப்படி 1,584. இழுத்தடிக்காமல் முடியட்டும் என்று ஒப்புக்கொண்டேன். சேவிங்ஸ் 1,200 முழுதாக வந்தது, அது அவர்கள் புத்தகத்திலும் என் பேரில் ஏறியிருந்தது. இப்போது வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன். அம்மாவிடம் இந்த வழக்குப் பேச்சை எடுக்காதே, கம்பெனி மாறியதை மட்டும் சொல்.

ஏஜென்ட் காசுக்குத்தான் வழி இல்லை. நம் நாட்டில் பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், மொத்தம் 35,400. நான் கொடுத்ததில் பெரும்பகுதி அவன் வீட்டுத் திண்ணையில் மஞ்சள் பையில் வைத்து ரொக்கமாகக் கொடுத்தது. நீயும்தான் கூட இருந்தாய். அதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் யாரிடம் போய் நிற்பது?

அதனால் அந்த நான்கு லட்சத்தை இப்போதைக்குக் கொடுக்காதே. அவனுடைய பதிவு எண்ணைக் கேள், அரசாங்கத்தின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பார். எண் இல்லை என்றாலோ, காசை வங்கியில் வாங்கமாட்டேன் என்றாலோ அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடு. எண் சரியாக இருந்தால், தம்பியின் ஐ.பி.ஏ. வந்ததும் தமிழ்ப் பிரதியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. பேசிக், அலவன்ஸ், பிடித்தம் மூன்று வரியையும் நான் பார்த்துச் சொல்கிறேன். தம்பி கிளம்பும்போது ஒரு நீள நோட்டும் இரண்டு பேனாவும் பையில் வைத்துவிடு, வந்த முதல் நாளிலிருந்தே மணி எழுதட்டும்.

உன் கிணறு தூர் வாரியது என்ன ஆயிற்று? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

அன்புடன்,
முருகேசன்