அரபிக்குப் போகும் விபத்து வாக்குமூலம்

ஆசிரியருக்கு,

வளைகுடா நாடுகளில் வேலைத்தளத்தில் காயப்பட்ட நம்மவர்கள் தமிழில் எழுதும் வாக்குமூலம், அரபியில் தொழில் அலுவலகத்துக்குப் போகும்போது பலவீனப்படுவதுண்டு. காரணம் பெரும்பாலும் மூலத்திலேயே இருக்கிறது.

"ஏறச் சொன்னார்கள், ஏறினேன், விழுந்து கை முறிந்தது" என்று எழுதினால் சொன்னவர் ஒருவரா பலரா என்பது தெரியாது. அரபியிலும் "சொன்னார்கள்" என்றே போகும், யாரை விசாரிப்பது? "கை" என்பதும் போதாது. மருத்துவ அறிக்கையில் வலது மணிக்கட்டு என்றிருக்க, மொழிபெயர்ப்பில் முழங்கை என்று வந்தால், இரண்டும் முரண்படுகின்றன என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும்.

இப்படி எழுதுங்கள்: "காலை 10 மணியளவில் மேற்பார்வையாளர் இன்னார் என்னை ஏணியில் ஏறச் சொன்னார். அதன் கீழ்ப்படி உடைந்திருந்ததை முந்தைய நாளே அவரிடம் சொல்லியிருந்தேன். ஏறியபோது விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது." உடன் நின்றவர்களின் பெயரையும் சேருங்கள்.

நம் பெயர்கள் அரபி எழுத்தில் ஒவ்வொருவர் கையில் ஒவ்வொரு விதமாக வரும். ஆகவே கடவுச்சீட்டில் உள்ள ஆங்கில எழுத்துகளும் அதன் இலக்கமும் பக்கத்தில் இருக்கட்டும். அரபிப் பிரதியை யாராவது தமிழில் வாசித்துக் காட்டாமல் தயவுசெய்து கையொப்பமிடாதீர்கள். கையொப்பமிட்ட தமிழ் மூலத்தையும் இணைத்துக் கொடுத்து, ஒரு பிரதியை வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
நல்லூர், யாழ்ப்பாணம்