மீனாளுக்கு, அப்பச்சி எழுதுவது

மீனா,

நீ அனுப்பிய அறிக்கை வந்தது. நம் தெருக்கோடி வீட்டைப் பற்றியது என்பதால் வாசல் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். வேலை நன்றாகச் செய்திருக்கிறாய் ஆத்தா. ஆனால் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் என்னை நிறுத்திவிட்டது:

"சுவரின் கீழ்ப்பகுதியில் மேற்கொள்ளப்பட்ட சிமெண்ட் பூச்சுப் பணியின் விளைவாக ஈரப்பதத்தின் வெளியேற்றத்தில் தடை ஏற்பட்டு, அதன் மேல்நோக்கிய நகர்வு காரணமாகச் சுண்ணாம்புப் பூச்சின் பெயர்வு நிகழ்ந்துள்ளமை கண்டறியப்பட்டுள்ளது."

இருபது சொல். பென்சிலை எடுத்து, இதில் நடந்தவை எவை என்று மட்டும் கோடிட்டுப் பார்த்தேன். பூசினார்கள், ஈரம் வெளியேறவில்லை, தடை வந்தது, நகர்ந்தது, பெயர்ந்தது. ஐந்தும் பெயர்ச்சொல்லாகக் கிடக்கின்றன: பணி, வெளியேற்றம், தடை, நகர்வு, பெயர்வு. வினை நிற்க வேண்டிய இடத்திலோ மேற்கொள்ளப்பட்ட, ஏற்பட்டு, நிகழ்ந்துள்ளமை என்று எதையும் சொல்லாத வினைகள் நிற்கின்றன. உள்ளே இருந்த வினையைப் பெயராக்கிவிட்டால் வாக்கியத்தை முடிக்க வேறு வினை வேண்டுமல்லவா, அதற்காக வந்தவை இவை. ஒரு பெயரை இன்னொன்றோடு கட்ட "இன்" வேண்டும், "காரணமாக" வேண்டும். வாக்கியம் நீள்வது இப்படித்தான்.

அதனால் முதலில் "ஏற்பட்டது", "மேற்கொள்ளப்பட்டது", "நடைபெற்றது", "நிகழ்ந்தது" வரும் இடங்களைத் தேடு. அதற்கு முன்னால் உள்ள பெயரைப் பிடி. அதற்குள் இருக்கும் வினையை வெளியே எடுத்து, யார் செய்தார், எது செய்தது என்று கேட்டு எழுவாயை முன்னால் வை. நான் எழுதிப் பார்த்தது இது:

"சுவரின் அடியில் கொத்தனார் சிமெண்ட் பூசினார். வெளியேற வழியில்லாத ஈரம் மேலே ஏறிச் சுண்ணாம்புப் பூச்சைப் பெயர்த்தது."

பதின்மூன்று சொல். வீட்டுக்காரர் படித்தாலும் சிமெண்டைக் கொத்தி எடுக்க வேண்டும் என்று அவருக்கே புரிந்துவிடும். "கண்டறியப்பட்டுள்ளது" தேவையில்லை, அறிக்கை முழுவதும் நீ கண்டறிந்ததுதானே. ஆனால் உனக்கு உறுதியில்லாத இடத்தில் "பெயர்த்திருக்கலாம்" என்றே எழுது. சுருக்குகிறேன் என்று சந்தேகத்தை வெட்டிவிடாதே.

எல்லாப் பெயரையும் கலைக்கவும் வேண்டாம். "சுண்ணாம்புப் பூச்சு" சுவரில் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள், அது பெயராகவே இருக்கட்டும். விரிசல், சாய்வு எல்லாம் அப்படித்தான். யார் கட்டினார் என்பது முக்கியமில்லாத இடத்தில் "கட்டப்பட்ட வீடு" என்பதிலும் குற்றமில்லை.

நான் இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் பதினொன்றாம் பக்கம். "வளவின் வடிகாலில் அடைப்பு ஏற்பட்டுள்ளமையால் நீர்த்தேக்கம் உண்டாகிறது" என்று எழுதியிருக்கிறாய். நம் மொழியில் பெயர்ந்தது வேறு, பெயர்த்தது வேறு. உடைந்தது வேறு, உடைத்தது வேறு. தன்வினையா பிறவினையா என்பதை வினை காட்டிக் கொடுத்துவிடும்; தொழிற்பெயர் மறைத்துவிடும். "அடைப்பு" என்று படித்தால் குப்பை அடைத்துக்கொண்டதா, ஆள் அடைத்தாரா என்று தெரியவில்லை. குப்பை என்றால் குச்சி விட்டுக் குத்தினால் போதும். ஆள் அடைத்திருந்தால் தரையைத் தோண்ட வேண்டும். நீ கீழே எழுதியிருக்கும் "உரிய பராமரிப்பு நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட வேண்டும்" என்பது இரண்டுக்கும் பொருந்துகிறது, அதனால் இரண்டுக்கும் பயன்படாது.

நான் அலுவலகத்தில் தணிக்கைக் குறிப்பு எழுதிய காலத்தில் "கையிருப்பில் குறைவு ஏற்பட்டுள்ளது" என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். எடுத்தது யார் என்று தெரியாதபோது அந்தச் சொல் கைகொடுத்தது. தெரியவில்லை என்பதையே எழுதியிருக்க வேண்டும். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான்.

வினையாக மாற்ற உட்காரும்போது எழுவாய் கிடைக்காவிட்டால் நீயாக ஒருவரை வைத்துவிடாதே, போய்க் கேள். உனக்குப் பதிலாக நான் இன்று காலை அந்த வீட்டு ஆச்சியிடம் கேட்டுவிட்டு வந்தேன். கொசு வருகிறது என்று, மகன் வெளிநாட்டிலிருந்து வந்த சமயம், வளவின் ஈசான மூலையில் இருந்த துவாரத்தைக் கல் வைத்து சிமெண்ட் போட்டு மூடிவிட்டார்களாம். மழைத்தண்ணீர் அதன் வழியாகத்தான் தெருக்கால்வாய்க்குப் போனதாம்.

ஆகவே இப்படி எழுது: "கொசுவுக்காக வீட்டார் வளவின் வடிகால் துவாரத்தை சிமெண்டால் மூடினார்கள். மழைநீர் வெளியேறாமல் வளவில் தேங்குகிறது. ஐப்பசி மழைக்கு முன் கொத்தனார் அந்தத் துவாரத்தைத் திறக்க வேண்டும்." உன் பழைய வாக்கியத்தைவிட இது நீளம்தான். பரவாயில்லை, அதில் இல்லாத செய்தி இதில் இருக்கிறது.

பன்னிரண்டாம் பக்கத்தில் "மரச்சட்டங்களில் சேதம்" என்று இருக்கிறது. கரையான் அரித்ததா, ஈரத்தில் உளுத்ததா? உன் படத்தில் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்த வரியைத் தொடாதே.

அப்பச்சி
காரைக்குடி