அத்தை மகன் தரும் அசல் பத்திரம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். போனில் பதில் சொன்னால் பாதி உனக்குக் கேட்கும், மீதியைப் பக்கத்து அறையிலிருக்கும் உன் அத்தை கேட்பாள். அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

உன் அத்தை மகன் கடனாகக் கேட்பது எட்டு லட்சம். மா பூவெடுக்கும் நேரத்திலேயே தோட்டக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்துக் குத்தகை பேசி வைத்தால்தான் சீசனில் காவேரிப்பட்டணம் மண்டிக்கும் கூழ் ஆலைக்கும் காய் இறக்க முடியும். அவன் கணக்கு சரிதான், தொழிலும் தெரிந்தவன். பொங்கலுக்கு நீங்கள் ஊருக்கு வரும்போது மூன்று ஏக்கர் மாந்தோப்பின் அசல் பத்திரத்தை உன் கையில் கொடுத்து, இருபது ரூபாய்ப் பத்திரத்தாளில் ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன், பதிவுச் செலவே வேண்டாம் என்கிறான். இந்தப் பேச்சில் பாதி சட்டப்படி நிஜம். மீதிப் பாதியில்தான் உன் எட்டு லட்சம் மாட்டிக்கொள்ளும்.

முதலில் நிஜமான பாதி. நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள எந்த அடமானத்துக்கும் பத்திரம் எழுதி, இரண்டு சாட்சி போட்டு, பதிவு செய்ய வேண்டும் என்று 1882ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. அதே சட்டம் ஒரே ஒரு வகைக்கு விலக்குக் கொடுக்கிறது. கடன் இருக்க வேண்டும், அந்தக் கடனுக்கு ஈடாக என்ற எண்ணம் இருக்க வேண்டும், சொத்தின் உரிமை ஆவணத்தைக் கடன் கொடுத்தவர் கையில் ஒப்படைத்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்த அந்த நொடியில் அடமானம் உண்டாகிவிடும். எழுத்தே தேவையில்லை. பதிவு அலுவலகம் பதிவு செய்வது காகிதத்தை. இங்கே அடமானத்தை உண்டாக்குவது கை மாறும் செயல். பதிவு இல்லாமல் இது செல்லுபடியாகும் ரகசியம் அவ்வளவுதான். உண்டான பிறகு மற்ற அடமானத்துக்கு உள்ள பலம் இதற்கும் உண்டு. கேட்டவுடன் தர வேண்டிய புரோநோட்டை வைத்துக்கொண்டு மட்டும் இருந்தால் மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அடமானம் இருந்தால் சொத்தின் மேல் வழக்குப் போடப் பன்னிரண்டு வருடம் கிடைக்கும்.

இனி சிக்கல். முதல் சிக்கல் ஊர். எல்லா ஊரிலும் இந்த அடமானம் உண்டாகிவிடாது. சட்டத்திலேயே பெயர் சொல்லப்பட்டவை கல்கத்தா, சென்னை, பம்பாய். மற்ற ஊர்கள் மாநில அரசு அறிவிக்கை போட்டிருந்தால்தான் சேரும். கவனி, சொத்து எங்கே இருக்கிறது என்பது கணக்கில்லை, பத்திரம் எங்கே கை மாறியது என்பதே கணக்கு. கிருஷ்ணகிரி மாவட்டத்து மாந்தோப்பை சென்னையில் ஈடு வைக்கலாம். அதே தோப்பின் பத்திரத்தைத் தோப்பு வீட்டுத் திண்ணையில் வைத்து வாங்கினால், அந்தக் கிராமம் அறிவிக்கையில் இல்லாதபட்சத்தில், உன் பீரோவில் இருப்பது வெறும் காகிதக் கட்டு. ஆகவே பொங்கலுக்கு இங்கே எதையும் வாங்காதே. அவனைச் சென்னைக்கு வரச் சொல். பஸ் சார்ஜ் நான் தருகிறேன்.

இரண்டாவது அந்த ரெண்டு வரி. என் முப்பது சொச்ச வருடப் பத்திர எழுத்து வேலையில் அதிகம் பார்த்த வம்பு இதில்தான். “இதன் மூலம் என் தோப்பை ஈடாக வைக்கிறேன், இன்ன வட்டி, இத்தனை மாதத்தில் தீர்ப்பேன்” என்று எழுதினால் அந்தத் தாளே ஒப்பந்தமாகிவிடுகிறது. பதிவு செய்யாத ஒப்பந்தத்தை அடமானத்துக்குச் சாட்சியமாக நீதிமன்றம் எடுக்காது. “நேற்று இன்னின்ன பத்திரங்களை ஒப்படைத்தேன்” என்று நடந்து முடிந்ததைக் குறித்து வைத்தால் அது வெறும் நினைவுக் குறிப்பு, பதிவு வேண்டாம். இந்த வித்தியாசத்தை உச்ச நீதிமன்றம் 1950லேயே சொல்லியிருக்கிறது. அந்தக் காலத்தில் வங்கிக்காரர்கள் ஒருநாள் பத்திரத்தை வாங்கிவிட்டு, மறுநாள் தேதியில் கடிதம் வாங்கியது இதற்காகத்தான்.

ஆனால் நம் தமிழ்நாட்டில் அந்தச் சாமர்த்தியமும் பழைய கதை. பதிவுச் சட்டத்தில் மாநிலத் திருத்தம் வந்து, 2012 டிசம்பர் முதல், உரிமை ஆவண ஒப்படைப்பு பற்றிய ஒப்பந்தத்துக்குச் சான்றாக எழுதும் ஆவணமும் கட்டாயப் பதிவுக்குள் வந்துவிட்டது. ஆக, பதிவே வேண்டாம் என்றால் எழுத்தே கூடாது என்று அர்த்தம். அவன் சொல்லும் இருபது ரூபாய்த் தாள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பதிவும் இல்லை, மௌனமும் இல்லை. எழுதாமல் இருந்தால்கூட வாய்மொழியாக நிரூபிக்க வழி இருந்திருக்கும். எழுதி, பதிவு செய்யாமல் விட்டால் அந்த வழியையும் குழப்பிவிடும்.

எழுதாமலே வைத்துக்கொள்ளலாமே என்று மாப்பிள்ளை கேட்பார். வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பார். ஒரு வருடம் கழித்து மாங்காய் விலை சரிந்து, அவனால் தர முடியவில்லை என்று வைத்துக்கொள். கடன் வாங்கியதற்குப் புரோநோட்டும் வங்கிக் கணக்கும் சாட்சி. பத்திரம் உன்னிடம் இருப்பதற்குப் பத்திரமே சாட்சி. ஆனால் ஈடாகத்தான் கொடுத்தான் என்பதற்கு? “தோப்பு வீட்டில் கரையான் தொல்லை, சென்னையில் லாக்கர் இருக்கிறதென்று அக்காவிடம் கொடுத்து வைத்தேன்” என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்நியர் பத்திரம் உன்னிடம் இருந்தால் நீதிபதி சந்தேகப்படுவார். சொந்தக்காரன் பத்திரம் இருந்தால் நம்பிவிடுவார்.

அதைவிடப் பெரிய ஆபத்து வில்லங்கச் சான்று. பதிவாகாத ஒப்படைப்பு அதில் வராது. அசல் தொலைந்துவிட்டது என்று போலீசில் எழுதிக் கொடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி, சுத்தமான வில்லங்கத்தைக் காட்டி இன்னொருவரிடம் அடமானமோ கிரயமோ செய்ய முடியும். பாலக்கோடு பக்கம் ஒரு நிலத்தில் இதே போல நடந்து, அசலை வைத்திருந்தவரும் கிரயம் வாங்கியவரும் நீதிமன்ற வாசலில்தான் ஒருவரை ஒருவர் முதல்முறை பார்த்தார்கள். சட்டம் உன்னைக் கைவிடவில்லை: பின்னால் வேறு ஒருவர் அடமானப் பத்திரம் பதிவு செய்தாலும், முன்பே ஒப்படைப்பால் உண்டான அடமானம் அதை வெல்லும் என்று பதிவுச் சட்டத்தின் 48ஆவது பிரிவே சொல்கிறது. அசல் எங்கே என்று கேட்காமல் வாங்கியவருக்கு எதிராக நீ வாதாடவும் இடம் உண்டு. ஆனால் முன்பே உண்டானது என்பதை நிரூபிக்கும் சுமை உன் தலையில். மறுபடியும் அந்த எழுத்தில்லாத எண்ணத்துக்கே வந்து நிற்போம்.

ஜெயித்தாலும் தோப்பு உன் கைக்கு வராது. நீதிமன்றத் தீர்ப்பு வாங்கி, ஏலம் விட்டு, அந்தப் பணத்தில்தான் எடுக்க வேண்டும். நீயாகப் போய் மாங்காய் பறிக்கவும் முடியாது. வங்கிகள் நோட்டீஸ் விட்டு நேரே சொத்தை எடுக்கிறார்களே என்று நினைக்காதே. அந்தச் சட்டம் தனியாருக்கு இல்லை, விவசாய நிலத்துக்கும் இல்லை.

இன்னொன்று, அவன் கொடுக்கப்போவது எந்தப் பத்திரம்? அந்தத் தோப்பு அவன் அப்பா வழியில் பாகப்பிரிவினையில் வந்தது. நம் பக்கத்தில் பாகப்பிரிவினை அசலைப் பெரும்பாலும் மூத்தவர் வைத்துக்கொள்வார், மற்றவர்களுக்கு நகல்தான். அவன் மூத்தவன் இல்லை. நகலோ பட்டாவோ சிட்டாவோ கொடுத்தால் வாங்காதே. பட்டா வருவாய்க் கணக்கு, உரிமை ஆவணம் அல்ல. அவன் அண்ணனிடமிருந்து அசலை வாங்கிக் கொடுத்தாலும், அந்த ஒரே அசலில் அண்ணன் தம்பி எல்லோர் பங்கும் இருக்கிறது என்பதை மறக்காதே.

இனி அவன் பக்கம். அவனும் நம் பிள்ளைதான். பதிவில்லாமல் கொடுத்தால் அவனுக்கும் ஆபத்து உண்டு. நாளை மாப்பிள்ளைக்கும் அவனுக்கும் மனஸ்தாபம் வந்தால், எட்டைப் பன்னிரண்டு என்று நீங்கள் சொல்வதைத் தடுக்கக் காகிதம் எது? புரோநோட்டில் தொகையை வெற்றாக விட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தால் இன்னும் மோசம். அடைத்த பிறகு பத்திரம் தொலைந்தது என்றால்? வங்கி என்றால், கடன் தீர்ந்த 30 நாளுக்குள் அசலைத் திருப்ப வேண்டும், அவர்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023இல் உத்தரவு போட்டிருக்கிறது. வீட்டுக்குள் நடக்கும் கடனுக்கு அந்த உத்தரவு இல்லை. பணத்தைக் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமைக்கு முப்பது வருடம் உண்டுதான். ஆனால் அசல் இல்லாத நிலத்தை அதுவரை யார் வாங்குவார்?

அதனால் இப்படிச் செய். பணம் முழுவதும் வங்கிக் கணக்கு வழியாகப் போகட்டும். சம்பளக்காரியான நீ இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுத்தால் வாங்கிய அவன் வருமான வரியில் மாட்டுவான். சென்னையில் உங்கள் வீட்டில் வைத்து அசலை வாங்கு. பிறகு, இன்ன தேதியில் சென்னையில் இன்னின்ன ஆவணங்கள் ஈடாக ஒப்படைக்கப்பட்டன என்று ஒப்படைப்பு ஆவணம் எழுதி, நிலம் சேர்ந்த சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுவோம். முத்திரைத் தீர்வை கடனில் அரை சதவீதம், அதாவது நாலாயிரம். பதிவுக் கட்டணத்தோடு சேர்த்துப் பத்து, பன்னிரண்டாயிரத்துக்குள் அடங்கும். வில்லங்கத்தில் வந்துவிடும், யாரும் மேலே விளையாட முடியாது. அவனுக்கும் எட்டு லட்சம் என்பது எழுத்தில் நிற்கும். கடன் அடைத்த அன்றே ரசீது ஆவணத்தையும் பதிவு செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டு, பிற்பாடு நிலத்தை விற்கும்போது கடன் கொடுத்தவரைத் தேடி அலைந்தவர்கள் நிறையப் பேர்.

பதிவுச் செலவை யார் ஏற்பது என்று அத்தையிடம் நானே பேசிக்கொள்கிறேன். நீ பேசாதே. பத்திரத்தின் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். சர்வே எண்ணை வைத்து முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்க்கிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் அவன் வாங்கிய பழைய கடன் ஏதாவது நிற்கிறதா என்பதும், பதிவாகியிருந்தால், அதில் தெரியும். அது வரும்வரை ஒரு ரூபாயும் அனுப்பாதே.

அன்புடன்,
அப்பா
தருமபுரி